கம்யூனிகேஷன்னு ஒரு வார்த்தை

"சார், நீங்க சொன்னத முடிச்சுட்டேனுங்க"ன்னு சொல்லி ஒரு பிளாஸ்டிக் கவர என் டேபிள் மேல வச்சாரு. உள்ள பளபளன்னு ஒரு சர்டிபிகேட், ஸ்போக்கன் இங்கிலீஷ், ஆறு மாசம். கூடவே ஒரு நாப்பது பக்க நோட்டு, அதுல நீல மையில ஒவ்வொரு வரியா எழுதி அதுக்கு கீழ தமிழ்ல உச்சரிப்பு. நான் என்ன சொன்னேன்னு எனக்கு ஒரு நிமிசம் நெஜமாவே ஞாபகம் வரல. வந்ததும் அந்த நோட்ட எங்க பாக்கறதுன்னு தெரியல.

அவர செல்வராஜ்னு சொல்லிக்கறேன், நெஜ பேரு அது இல்ல. கேரளாவுல கஞ்சிக்கோடு இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல பம்பு வால்வு பார்ட்ஸ் மெஷினிங் பண்ற ஒரு கம்பெனியில நான் எச்ஆர். வீடு இந்தப் பக்கம் க.க.சாவடி, தினமும் வாளையார் தாண்டி போயிட்டு வர்ற ஆளு. செல்வராஜுக்கு கொழிஞ்சாம்பாறை பக்கம், வீட்ல தமிழ், ரேஷன் கார்டுல மலையாளம், எங்க கம்பெனி பேப்பர்ல இங்கிலீஷ். சிஎன்சி செக்ஷன்ல பதினாலு வருச செட்டர். புது ஜாப் வந்தா டூல் ஆஃப்செட் போட்டு முதல் பீஸ்லயே சைஸ் எடுக்கற கை அவருக்கு. மத்தவங்க மூணு பீஸ், நாலு பீஸ் ஸ்கிராப் ஆக்கித்தான் அந்த எடத்துக்கு வருவாங்க.

அதுக்கு எட்டு மாசம் முன்னாடி ஷிப்ட் இன்சார்ஜ் போஸ்ட் ஒண்ணு காலியாச்சு. வெளிய இருந்து எடுக்க வேண்டாம், உள்ளயே எடுப்போம்னு ஜிஎம் சொன்னாரு. அஞ்சு பேரு அப்ளை பண்ணாங்க. செல்வராஜுக்கு கெடைக்கல, அவர விட ஏழு வருசம் ஜூனியரான ஒருத்தருக்கு (வினோத்னு வச்சுக்கலாம், புதுசேரி பக்கம்) கெடைச்சுது. செல்வராஜ கூப்ட்டு நான் சொன்ன காரணம் ஒரே வரி. "எல்லாம் நல்லா இருக்குங்க, கம்யூனிகேஷன் மட்டும் கொஞ்சம் இம்ப்ரூவ் பண்ணிக்கங்க, அடுத்த தடவ பாத்துக்கலாம்." மொத்தம் நாலு நிமிசம் பேசிருப்பேன், அதுல ஒரு நிமிசம் டீ வந்துச்சு.

அந்த வரிய நம்பி அந்த மனுசன் 4,500 ரூபா கட்டி, காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு, ஆறு டூ ரெண்டு ஷிப்ட் முடிச்சு, கம்பெனி வேன்ல வீட்டுக்கு போகாம பஸ் புடிச்சு பாலக்காடு ஸ்டேடியம் ஸ்டாண்டு எறங்கி, காலேஜ் பசங்களோட பெஞ்சுல உக்காந்து வாரத்துக்கு மூணு நாள் படிச்சிருக்காரு. நோட்டுல ஒரு பக்கத்துல 'தி மெஷின் இஸ் நாட் ஒர்க்கிங், ஐ வில் இன்ஃபார்ம் தி மெயின்டனன்ஸ்'னு பத்து தடவ எழுதிருந்துச்சு. அவருக்கு போஸ்ட் கெடைக்காததுக்கும் இங்கிலீஷுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. இன்டர்வ்யூ ரூம்ல இருந்த ஜிஎம், ப்ரொடக்‌ஷன் மேனேஜர், நான், மூணு பேர்ல ஒருத்தர் கூட அவரோட இங்கிலீஷ பத்தி வாயத் தொறக்கல.

அந்த ரூம்ல நடந்தது

மார்க் ஷீட் என்கிட்ட இருக்கு, அத அன்னிக்கு சாயந்தரம் எடுத்து வச்சு பாத்தேன். நூறு மார்க்க நாலா பிரிச்சிருந்தோம். குவாலிட்டி, அதாவது ரிஜெக்ஷன் ரெக்கார்டும் செட்டிங் நேரமும் சேத்து 30. சர்வீஸுக்கு 20, வருசத்துக்கு ஒன்றரை மார்க், அதிகபட்சம் 20. டிராயிங் படிக்கறது, கேஜ் கணக்கு இதெல்லாம் எழுத்து பரிட்சை 20. இன்டர்வ்யூ 30. பாக்கறதுக்கு நேர்மையா இருக்கும், யூனியன்காரங்க கேட்டா தைரியமா எடுத்து நீட்டலாம், நீட்டவும் செஞ்சோம். செல்வராஜுக்கு 27, 20, 15, 14, மொத்தம் 76. வினோத்துக்கு 23, பத்தரை, 16, 28, மொத்தம் எழுவத்தேழரை. ஒன்றரை மார்க்குல போச்சு.

இதுல ஒரு விசயம் எனக்கு அன்னிக்குத்தான் ஒறைச்சுது, இத்தன வருசம் எச்ஆர்னு போர்டு மாட்டிக்கிட்டு எப்படி விட்டேன்னு தெரியல. குவாலிட்டிக்கு 30-ன்னு பேருதான், ஆனா அஞ்சு பேரு மார்க்கும் 23-க்கும் 27-க்கும் நடுவுல. பதினாலு வருசம், ஏழு வருசம் தாக்குப் புடிச்ச ஆளுங்க, எல்லாருமே நல்லாத்தான் வேலை செய்வாங்க, வித்தியாசம் எங்க வரும்? ஆக அந்த 30 மார்க்கால ஒருத்தர மேலயோ கீழயோ தள்ள முடிஞ்சது வெறும் நாலு மார்க். இன்டர்வ்யூவும் அதே 30 தான், ஆனா அதுல 14-ல இருந்து 28 வரைக்கும் பரவிக் கெடக்கு. முடிவு பண்ணது அதுதான். நீங்க பேப்பர்ல எத்தன சதவீதம் போட்டாலும் சரி, எந்தக் கட்டத்துல மார்க்கு அகலமா விரியுதோ அதுதான் ஆள எடுக்கும், மத்த கட்டமெல்லாம் அலங்காரத்துக்கு. அந்த அகலமான கட்டத்துக்குத்தான் நாங்க என்ன பாக்கணும்னு ஒரு வரி கூட எழுதி வைக்கல. 'பர்சனாலிட்டி அண்ட் லீடர்ஷிப்'னு தலைப்பு, கீழ வெள்ளை.

சரி, அந்த 14 ஏன் விழுந்துச்சு? ப்ரொடக்‌ஷன் மேனேஜர் ஒரு கேள்வி கேட்டாரு, நல்ல கேள்வி. செகண்ட் ஷிப்ட்ல ஒரு புது ஆபரேட்டர் மெஷின்ல சைஸ் ஓடிப்போச்சு, அவனுக்கு புடிபடல, நீங்க இன்சார்ஜ், என்ன பண்ணுவீங்க? செல்வராஜ் யோசிக்கவே இல்ல. "நானே போயி செட் பண்ணி குடுத்துருவேனுங்க, பத்து நிமிச வேலை." வினோத் சொன்னது வேற. அவன்தான் பண்ணணும், நான் பக்கத்துல நிப்பேன், அதுக்கு முன்னாடி மத்த எட்டு மெஷினும் ஓடுதான்னு ஒரு பார்வை பாத்துட்டு வருவேன்னாரு. பி.எம். பென்சில் அங்கயே அசைஞ்சத நான் பாத்தேன். இது நெஜமான காரணம், வெளிய சொல்லக் கூடிய காரணமும் கூட.

இன்னொண்ணும் இருந்துச்சு. செல்வராஜ் வெளிய போனதும் ஜிஎம் பேனாவ கீழ வச்சுட்டு, "ஆளு நல்ல ஆளுதான், ஆனா அந்த கொழிஞ்சாம்பாறை வேன் மொத்தமும் அவர் ஆளுங்க, லேட்டா வந்தா கேப்பாரா?"ன்னாரு. செல்வராஜ் யாருக்காவது சலுகை காட்டினதா ஒரு சம்பவம் கூட யாரும் சொல்லல. நானும் கேக்கல, தலையாட்டினேன். வினோத்தும் ஒரு ஊர்ல இருந்துதான் வர்றாரு, அவரு பைக்ல வர்றதால அவரு ஊர்க்காரங்க யாருன்னு எங்களுக்கு தெரியல, அவ்வளவுதான். அந்த 14-ல எத்தன மார்க்கு பதிலுக்கு போச்சு, எத்தன மார்க்கு வேனுக்கு போச்சுன்னு இன்னிக்கும் என்னால பிரிக்க முடியாது.

மினிட்ஸ் எழுதும்போது வேன் கதைய எழுத முடியாது. 'தானே செஞ்சுருவாரு, செய்ய வைக்க மாட்டாரு'ங்கறத எழுத வார்த்தை தேடணும், மணி அஞ்சே முக்கால். 'கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ் டு பி இம்ப்ரூவ்ட்'னு அடிச்சேன். எந்தக் கம்பெனி மினிட்ஸ எடுத்தாலும் இந்த வரி இருக்கும், யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, அதனாலதான் அது எல்லா மினிட்ஸ்லயும் இருக்கு.

எங்க ஊருல அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருக்கறதயும் நான் மறந்துட்டேன், எல்லைக்கு அந்தாண்ட பத்து வருசமா வேலை பாக்கற எனக்கு அது தெரியாதுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. ஃப்ளோர்ல மலையாளம், கேன்டீன்ல பாதி தமிழ், நோட்டீஸ் போர்டுல இங்கிலீஷ். இங்க ஒரு தமிழ்க்காரர்கிட்ட கம்யூனிகேஷன் சரியில்லன்னா அவருக்கு கேக்கறது 'உன் பாஷை சரியில்ல'ன்னுதான். செல்வராஜே பின்னாடி சொன்னாரு. "மொதல்ல மலையாளம் எழுதப் படிக்க தெரியாததத்தான் சொல்றீங்கனு நெனச்சனுங்க. அப்புறம் வீட்ல, மலையாளம்னா மலையாளம்னே சொல்லிருப்பாரு, கம்யூனிகேஷன்னா இங்கிலீஷாத்தான் இருக்கும்னு சொன்னா." வேன்ல மத்தவங்க அதுக்கும் மேல ஒரு படி போயி, தமிழன்னு ஒதுக்கிட்டாங்கன்னு முடிவே பண்ணிட்டாங்களாம். அது முழுப் பொய்யும் இல்லங்கறது எனக்கும் ஜிஎம்முக்கும் மட்டும் தெரியும்.

ஒரு 'குட்' பண்ண வேலை

இந்த சமயத்துலதான் வக்கீலா இருக்கற ஒரு ஃப்ரெண்டு தேவ் தத்னு ஒரு கேஸ பத்தி சொன்னான். 2008-ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு. அவரு எல்லைச் சாலை அமைப்புல எக்சிகியூட்டிவ் இன்ஜினியர். மேல சூப்பரின்டென்டிங் இன்ஜினியர் ஆகணும்னா மேலதிகாரி வருசா வருசம் எழுதற ரகசிய அறிக்கையில கடைசி அஞ்சு வருசமும் 'வெரி குட்' இருக்கணும். அவருக்கு 1993-94-க்கு மட்டும் 'குட்'. கெட்ட ரிமார்க்கா இருந்தாத்தான் ஆளுக்கு சொல்லணும்னு வழக்கம், 'குட்' நல்ல வார்த்தைதானே, அதனால அவருக்கு சொல்லவே இல்ல. ப்ரொமோஷன் போச்சு, ஜூனியர் மேல போயிட்டாரு. கோர்ட்டு சொன்னது, வெரி குட்தான் வரம்புன்னா அங்க குட்டுங்கறதே பாதகமான ரிமார்க்குதான், அதனால எந்த ரிமார்க்கா இருந்தாலும் ஆளுக்கு சொல்லியாகணும், அவரு அதுக்கு எதிரா மனு குடுக்க வாய்ப்பு தரணும்னு. தீர்ப்பு வரும்போது மனுசன் ரிட்டையர்டே ஆயிட்டாரு.

அது அரசாங்க வேலைக்கான தீர்ப்பு, எங்கள மாதிரி பிரைவேட் கம்பெனிய அது கட்டுப்படுத்தாது. ஆனா எனக்கு அந்த 'குட்'டுதான் மண்டைக்குள்ள உக்காந்துக்கிச்சு. நான் செல்வராஜுக்கு பண்ணது அதுக்கும் ஒரு படி கீழ. தேவ் தத்துக்கு காரணத்த சொல்லாம விட்டாங்க. நான் வேற காரணத்த சொல்லி அவர அந்தத் திசையில ஆறு மாசம் நடக்க விட்டேன். சொல்லாம விட்டிருந்தா அந்த 4,500 ரூபாயாவது மிஞ்சிருக்கும்.

ரெண்டாவது தடவ

நான் பி.எம்.மையும் கூட்டிக்கிட்டு செல்வராஜ ஒக்கார வச்சேன். முடிவு எடுத்தவங்க சொல்லணும், எச்ஆர் தபால்காரன் மாதிரி போயி சொல்லக்கூடாதுன்னு அதுக்குள்ள புரிஞ்சிருந்துச்சு. மொத்தமும் தமிழ்ல. பி.எம். ஒத்தப்பாலத்துக்காரரு, அவருக்கு தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும், ஆனா அவரே பேசினாரு. மொதல்ல நான் சொன்னேன், இங்கிலீஷ் ஒரு காரணமே இல்ல, நான் சொன்னது தப்புன்னு. செல்வராஜ் அந்த நோட்ட டேபிள்ல இருந்து எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு. அந்த ஒரு அசைவு, அத இன்னும் என்னால தள்ள முடியல.

அப்புறம் பி.எம். அந்தக் கேள்விய எடுத்தாரு. "உங்க பதில்ல தப்பு இல்ல, செட்டரோட பதில். எங்களுக்கு வேண்டியது இன்சார்ஜோட பதில். நீங்க ஒரு மெஷினுக்குள்ள தலைய விட்டுட்டா மத்த எட்டையும் பாக்கறது யாரு? அந்த பையன் எப்ப கத்துக்குவான்?" செல்வராஜ் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டாரு, "இத பாக்கப் போறீங்கனு நோட்டீஸ்ல எங்கியும் போடலீங்களே சார்? போட்டதெல்லாம் ரிஜெக்ஷனு, சர்வீஸு, பரிட்சை. மூணுலயும் நான்தானுங்க மேல." ரெண்டு மூணு மார்க்கு அப்படி இப்படி, பரிட்சையில ஒரு மார்க்கு கம்மி, ஆனா கேள்வி சரி. எங்க ரெண்டு பேருகிட்டயும் பதில் இல்ல. வினோத் எப்படி என்ன விட மேலன்னு அவரு கேக்கல, கேட்டிருந்தாலும் அதுக்குள்ள போகக் கூடாதுன்னு நாங்க முன்னாடியே பேசி வச்சிருந்தோம், ஏன்னா அங்க போனா பேச்சு இவர விட்டுட்டு அவரு மேல போயிரும். வேன் விசயத்த நான் எடுக்கல. ஜிஎம் ரூம்ல போயி சம்பவம் ஏதாவது இருக்கான்னு கேட்டேன், இல்லன்னாரு. அப்ப இனி அது ரூமுக்குள்ள வரக்கூடாது சார்னேன். கொஞ்சம் மூஞ்சி கோணுச்சு, சரின்னாரு. செல்வராஜ்கிட்ட அத சொல்லாம விட்டது சரியான்னு கேட்டீங்கன்னா எனக்கு இன்னும் தீரல.

அதுக்கப்புறம் மாத்துனதுல பெருசா ஒண்ணுதான் சொல்றதுக்கு இருக்கு. ரிஜெக்ஷன், சர்வீஸ், பரிட்சை மூணையும் மார்க்குல இருந்து எடுத்து வாசப்படியா வச்சுட்டோம். இத தாண்டினா உள்ள, தாண்டலன்னா வெளிய, எவ்வளவு தாண்டினீங்கனு எண்றது இல்ல. நல்ல செட்டரா இருக்கறது உள்ள வர்றதுக்கு வேணும், ஆனா மூணு பேரு உள்ள வந்துட்டா அவங்கள்ல யாரு நல்ல இன்சார்ஜ்னு அது சொல்லாது. (அமெரிக்காவுல சேல்ஸ் ஆளுங்கள வச்சு ஒரு ஆய்வு 2019-ல வந்துச்சு, நெறைய வித்தவங்களத்தான் கம்பெனிக மேனேஜராக்குது, ஆனா அவங்களுக்கு கீழ போன டீமோட விற்பனை எறங்குதுன்னு. எங்க ஃப்ளோருக்கு அமெரிக்கா போக வேண்டியதில்ல, இருந்தாலும்.) உள்ள வந்தவங்களுக்கு இன்சார்ஜ் லீவு போடற நாளுல ஆளுக்கு பதினஞ்சு நாள் பொறுப்பு குடுக்கறோம். பாக்கறது ஷிப்ட் மாத்தற ஹேண்டோவர் புக்க. என்ன நின்னுச்சு, எத்தன நிமிசம், யாரு சரி பண்ணா, அடுத்த ஷிப்டுக்கு சொல்லிட்டுப் போனாங்களா. இதுதான் பாப்போம்னு மூணு மாசம் முன்னாடியே தமிழ்லயும் மலையாளத்துலயும் போர்டுல ஒட்டிட்டோம். பேனல்ல மூணு பேரும் பேசறதுக்கு முன்னாடி தனித்தனியா மார்க்கு போட்டு கவர்ல வச்சிரணும், மினிட்ஸ்ல ஒரு ஆள பத்தி எது எழுதினாலும் அதுக்கு தேதியோட ஒரு சம்பவம் வேணும். இந்தக் கடைசி விசயத்துலயே பாதி வார்த்தைங்க தன்னால செத்துப் போச்சு. 'ஆட்டிட்யூட்'டுக்கு யாராலயும் தேதி போட முடியல.

இதுல குறையும் இருக்கு, மறைக்க வேண்டாம். லீவு நாளு எல்லாருக்கும் ஒரே மாதிரி அமையாது, ஒருத்தருக்கு லைட் ஷெட்யூல் விழும், இன்னொருத்தருக்கு மாசக் கடைசி டெஸ்பாட்ச். மாசத்துல எந்த வாரம்னு பாத்து சரிக்கட்டறோம், முழுசா சரியாகாது.

போர்டுல ஒட்டினதும் செல்வராஜ் வந்து கேட்ட கேள்விதான் எனக்கு ரெண்டாவது அடி. "இன்சார்ஜ் ஆனா ஓவர்டைம் உண்டுங்களா?" இல்ல. அவருக்கு பேசிக்கும் டிஏவும் சேத்து 22,000. 26 நாள், எட்டு மணி நேரம்னு வகுத்தா மணிக்கு 106 ரூபா சுமாரு, ஓவர்டைமுக்கு சட்டப்படி ரெண்டு மடங்கு, மாசம் பதினஞ்சு மணி நேரம் பாக்கறாரு, அதுல மட்டும் 3,170 சொச்சம். இன்சார்ஜுக்கு நாங்க ஏத்தறது 2,600. மேல போனா கையில மாசம் ஐநூத்தி எழுவது ரூபா கொறையும். அவரு அங்கயே விரல் விட்டு எண்ணி முடிச்சுட்டாரு. "இது தெரியாமயே ஒரு வருசமா அழுதிருக்கனுங்க"ன்னு சிரிச்சாரு. வேலை என்னன்னு சொல்லாம, சம்பளம் என்னன்னு சொல்லாம, அஞ்சு பேர ஓட விட்டிருக்கோம். ஜிஎம்கிட்ட அந்தக் கணக்க அனுப்பி ரெண்டு மாசமாச்சு, 'அண்டர் கன்சிடரேஷன்'ல கெடக்கு.

அப்ளிகேஷன் ஃபார்ம் வாங்கிட்டு போனாரு, இன்னும் திருப்பித் தரல. பொறுப்பு மட்டும் எடுத்துக்கிட்டாரு, பதினஞ்சுல இப்ப பதினோரு நாள் முடிஞ்சிருக்கு. நேத்து ஹேண்டோவர் புக்க பொரட்டினேன். நாலாவது நாள்ல பழைய ஆளே தெரியறாரு, ஆறாம் நம்பர் மெஷின், ஒன்பது நிமிசம், சரி செஞ்சது: செல்வராஜ். அதே நேரத்துல மூணாம் நம்பர் இன்சர்ட் ஒடஞ்சு இருபது நிமிசம் சும்மா நின்னதும் அதே பக்கத்துலயே இருக்கு, அதையும் அவரேதான் எழுதிருக்காரு. முந்தாநாள் பக்கத்துல மறுபடியும் ஆறாம் நம்பர். நின்ன நேரம் 35 நிமிசம். சரி செஞ்சது: ஆபரேட்டர். அதுக்கு கீழ, கட்டத்துக்கு வெளிய, சின்ன எழுத்துல தமிழ்ல ஒரு வரி. "பக்கத்துல கைய கட்டிட்டு நின்னேன். நான் பண்ணிருந்தா பத்து நிமிசம்."